பிழை மலிந்த லீவு லெட்டரும் மேனேஜரின் பதிலும்

"நான் எழுதும் சிறுகதையில் ஸ்பின்னிங் மில் மேனேஜர் ஒருவர் ஒரு தொழிலாளியின் லீவு லெட்டரைப் படிக்கிறார். தப்பும் தவறுமாக இருக்கிறது, ஆனால் மனசைத் தொடுகிறது. கடைசியில் கண் கலங்கி லீவு கொடுத்துவிடுகிறார். படித்த நண்பர்கள் 'மில்லில் இதெல்லாம் நடக்காது' என்கிறார்கள். உண்மையில் அந்த மேனேஜர் என்ன யோசிப்பார், பதிலை எப்படி எழுதுவார்?"

உங்கள் நண்பர்கள் சொல்வது பாதிதான் சரி. மில்லில் லீவு கொடுப்பார்கள், சில சமயம் தாராளமாகவே கொடுப்பார்கள். கதையில் இடிப்பது வேறொன்று. உங்கள் மேனேஜருக்கு முடிவு செய்ய எதுவுமே இல்லை. லெட்டர் உருக்கமாக இருந்தது, அவர் உருகினார், லீவு கிடைத்தது, அவ்வளவுதான். நிஜத்தில் அந்த மேஜையில் லீவு கொடுப்பதா வேண்டாமா என்பது ஐந்து நிமிட வேலை. எப்படி எழுதிக் கொடுப்பது என்பதில்தான் நேரம் போகும். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து மில்களில் லேபர் ஆபீசராக இருந்தவன் என்ற முறையில் அந்த நேரத்துக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது நூற்பாலைதான். கம்ப்யூட்டர் கம்பெனிக் கதை என்றால் இதில் பாதி பொருந்தாது.

முதலில் லெட்டர் மேனேஜர் கைக்கு வரும் வழி. தொழிலாளி எழுதிய தாள் நேராக அங்கே போகாது. மேஸ்திரியிடம் கொடுக்க வேண்டும், அவர் ஸ்பின்னிங் மாஸ்டரிடம் காட்டுவார், அங்கிருந்து வருகைப் பதிவும் லீவுக் கணக்கும் பார்க்கும் டைம் ஆபீஸ், பிறகு லேபர் ஆபீசர். பெரும்பாலான லீவு அந்த மட்டத்திலேயே முடிந்துவிடும். மேனேஜர் மேஜைக்கு ஒரு லீவு லெட்டர் வந்துவிட்டது என்றால் கீழே யாரோ ஒருவர் மறுத்திருக்கிறார் என்று பொருள். அதனால் உங்கள் கதையில் அந்தத் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் மாஸ்டரின் குறிப்பு இருக்க வேண்டும்: "ஆள் இல்லை. சிபாரிசு இல்லை." மேனேஜர் முதலில் படிப்பது அதைத்தான், லெட்டரை அப்புறம்தான். இந்த ஒரு வரி இருந்தாலே கதைக்கு இரண்டாவது பாத்திரம் கிடைத்துவிடுகிறது.

காலத்தையும் நிர்ணயித்துக்கொள்ளுங்கள். 1996 ஜனவரி என்று வைத்துக்கொள்வோம். செல்போன் இல்லை, தந்தி உண்டு. பொங்கல் முடிந்த வாரம் வேறு. ஊருக்குப் போன தொழிலாளிகள் திரும்பி வராமல் மில் திண்டாடும் வாரம் அது. மாஸ்டர் "ஆள் இல்லை" என்று எழுதுவது அப்போது வெறும் முறைப்பு இல்லை.

இனி லெட்டர். நான் பார்த்த பல லெட்டர்களின் சாயலில் ஒன்றைக் கற்பனையாக எழுதுகிறேன். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினில் ஒரு பக்கத்தைக் கவனித்து அறுந்த இழையைக் கட்டும் சைடர் வேலை பார்க்கும் ஒருவர், 18ஆம் தேதி வியாழக்கிழமை, நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதியது:

"பெருமதிப்புக்குறிய மேனேஜர் அய்யா அவர்களுக்கு, எனக்கு காச்சல் அடிப்பதால் லீவு வேண்டும். காச்சல் இல்லை அய்யா. அப்படி எழுதுனால்தான் உடனே கிடைக்கும் என்று சொன்னார்கள். பொய் எழுத மனசு வரவில்லை அதனால் அடுத்த வரியிலே சொல்லிட்டேன். எங்க வீட்டில் மாசமாக இருக்கிறாள். முன்னாடி ரெண்டு தடவை தவறிபோச்சு. ரெண்டு தடவையும் நான் முழுநைட்டில் இருந்தேன். ஆள் வந்து கூப்பிட்டது மிசின் சத்தத்தில் காதில் விழவில்லை. இந்த தடவை நான் பக்கத்தில் இருந்தால் ஒன்னும் ஆகாது என்று அவள் நம்புறாள். எனக்கு அப்படி நம்பிக்கை இல்லை ஆனால் அவள் நம்புறாள். பிள்ளை முகம் பாக்குற வரைக்கும் லீவு வேண்டும். லீவு குடுக்காட்டியும் போவேன். அதுக்கு உண்டான தண்டனையை குடுங்கள். ஆள் இல்லை என்று மாஸ்டர் சொல்வார் அது உண்மைதான். இப்படிக்கு தங்கள் கீழ்படிந்த ஊழியன்."

வாசகர் இதைப் படித்து இளகுவார். மேனேஜரும் இளகலாம், அவரும் மனிதர்தான். ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்தவருக்கு இந்தத் தாளில் மூன்று இடங்கள் உறுத்தும். எழுத்துப் பிழை அதில் சேராது. மில்லில் எழுத்துப் பிழையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, மேஸ்திரியின் ரிப்போர்ட்டில் இதைவிட அதிகமாக இருக்கும். உங்கள் கதையில் மேனேஜர் பிழைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

முதல் உறுத்தல் காய்ச்சல். அதை எழுதச் சொன்னவர் விவரம் தெரிந்த ஆள். தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 79இன்படி சம்பளத்தோடு லீவு வேண்டுமென்றால் லீவு தொடங்கும் நாளுக்கு 15 நாள் முன்னால் எழுதிக் கேட்க வேண்டும். உடம்பு சரியில்லாத நாட்களுக்கு மட்டும் அந்த 15 நாள் கெடு கிடையாது, கையில் லீவு இருந்தால் கொடுத்தாக வேண்டும். ஆக, காய்ச்சல் என்று எழுதியிருந்தால் மாஸ்டராலும் தடுக்க முடியாது. மனைவியின் பிரசவம் என்று எழுதினால் அந்தச் சலுகை இல்லை. புருஷனுக்குப் பிரசவ லீவு என்று அந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை.

இங்கே மேனேஜருக்கு ஒரு சுலபமான வழி திறக்கிறது. காய்ச்சல் என்ற முதல் வரியை மட்டும் படித்ததாக வைத்துக்கொண்டு "மருத்துவ விடுப்பு, அனுமதி" என்று எழுதிவிடலாம். விதிப்படி சுத்தம், ஆளும் போய்விடுவான். பல கதாசிரியர்கள் இதைத்தான் கருணை என்று எழுதுவார்கள். அனுபவமுள்ள மேனேஜர் இதைச் செய்யமாட்டார். ஈ.எஸ்.ஐ. உள்ள மில்லில் உடம்பு சரியில்லை என்றால் டிஸ்பென்சரி சர்டிபிகேட் வரும். அது இல்லாமல் ஃபைலில் காய்ச்சல் என்று இருந்தால், நாளை யாராவது இந்த ஆளைக் கழற்றிவிட நினைக்கும்போது பொய்க் காரணம் சொல்லி லீவு வாங்கியவன் என்று அதே தாளை எடுத்துக் காட்டலாம். அவன் பொய் சொல்லக் கூசி அடுத்த வரியிலேயே ஒப்புக்கொண்டதை மேனேஜர் அலுவலகம் மீண்டும் பொய்யாக்கியதாக ஆகிவிடும். சட்டம் சொல்வது, 15 நாள் முன்னால் கேட்டால் மறுக்கக் கூடாது என்பதுதான். அதற்குப் பிந்திக் கேட்டவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கொடுப்பது மேனேஜர் விருப்பம். அதனால் அவர் காய்ச்சலைத் தொடாமல், தன் அதிகாரத்தில் கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால் மாஸ்டரின் சிவப்புக் குறிப்பை மீறியவர் அவரே ஆகிறார். காய்ச்சல் வழியில் போயிருந்தால் அந்தப் பொறுப்பு அவருக்கு வந்திருக்காது. உங்கள் கதையின் நிஜமான முடிச்சு இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது உறுத்தல் "பிள்ளை முகம் பாக்குற வரைக்கும்". தொடக்கத் தேதியும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை. படிப்பவருக்கு லெட்டரின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது. டைம் ஆபீசுக்கோ அதை எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற முடியாது. முடிவுத் தேதி இல்லாத லீவை யாரும் கொடுக்க முடியாது. தேதி போடாமல் அனுப்பிவிட்டால் ஆபத்து தொழிலாளிக்குத்தான். பல மில்களின் வேலை விதிகளான நிலையாணையில், கொடுத்த லீவு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பி வந்து சரியான விளக்கம் சொல்லாவிட்டால் வேலைமீது இருக்கும் உரிமை போய்விடும் என்று இருக்கும். லீவு என்றைக்கு முடிந்தது என்றே எழுதாத ஃபைலில் அந்த எட்டு நாளை எங்கிருந்து வேண்டுமானாலும் எண்ணலாம்.

மூன்றாவது, "லீவு குடுக்காட்டியும் போவேன்". மாஸ்டர் இதைத் திமிர் என்று படித்திருப்பார், சிவப்பு மையின் அழுத்தத்தில் அது தெரியும். எழுதியவன் நினைத்தது வேறு. சொல்லாமல் ஓடிப்போகிறவன் இல்லை நான், சொல்லிவிட்டுத்தான் போகிறேன், தண்டனை உண்டென்றும் தெரியும் என்கிறான். அவனைப் பொறுத்தவரை அது மரியாதை. ஆனால் ஃபைலில் இருக்கும் வாக்கியத்துக்குக் குரலும் முகமும் கிடையாது. மூன்று வருடம் கழித்து வேறொரு மேனேஜர் இதை எடுத்துப் படித்தால் மேலதிகாரியை மிரட்டியதாகத்தான் தெரியும்.

இந்த மூன்றையும் பார்த்ததும் பலர் செய்வது "வேற எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்புவது. டைம் ஆபீஸ் கிளார்க் ஒருவர் சொல்லச் சொல்ல, "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று அழகான ஒரு லெட்டர் வந்துவிடும். இதில் தப்பில்லை, நடைமுறையில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடியும். ஆனால் உங்கள் கதைக்கு இதைவிட நல்ல வழி உண்டு, அதையும் நிஜத்தில் செய்வார்கள். ஆளைக் கூப்பிட்டு விசாரித்து, அந்தத் தாளிலேயே ஓரமாகக் குறிப்பு எழுதி, அவனிடமும் கையெழுத்து வாங்குவது. "விண்ணப்பதாரரை நேரில் விசாரித்தேன். காரணம் மனைவியின் பிரசவம். காய்ச்சல் என்ற காரணத்தை அவரே திரும்பப் பெறுகிறார். அனுமதி கிடைத்த பின்பே செல்வதாகக் கூறினார்." நான்கு வரிதான். பழைய தாள் அப்படியே இருக்கிறது, அவன் எழுதியதை யாரும் திருத்தவில்லை. பின்னால் படிக்கிறவனுக்கு அந்த வாக்கியங்களோடு சேர்த்து அவற்றின் அர்த்தமும் கிடைக்கும்.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் மேனேஜர் லீவு கார்டை வரவழைப்பார். இந்தக் கணக்கைக் கதையில் வையுங்கள், பயப்படாதீர்கள். ஒரு காலண்டர் வருடத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு அடுத்த வருடத்தில், வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் லீவு. நம்ம சைடர் 1995இல் 247 நாள் வந்திருக்கிறார். இருபதால் வகுத்தால் 12.35. அரை நாளுக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், ஆக 12. முந்தின வருட மிச்சம் 2 நாள். மொத்தம் 14. அந்த 247 என்ற எண்ணை மேனேஜர் ஒரு நொடி பார்ப்பார். இன்னும் எட்டு நாள் குறைந்திருந்தால் அந்த 12 நாளுக்கும் உரிமையே இல்லை.

பிறகு காலண்டர். இவருக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் லீவுக் கணக்கில் சேராது, இடையில் வந்தாலும் சரி, முனையில் வந்தாலும் சரி. 19ஆம் தேதி வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணினால் 23ம் 30ம் செவ்வாய், 26 குடியரசு தினம். இந்த மூன்றையும் விட்டுவிட்டு 14 நாள் எண்ணினால் பிப்ரவரி 4 ஞாயிறு வரை போகிறது. பதினான்கு நாள் லீவுக்குப் பதினேழு நாள் வீட்டில் இருக்கலாம்.

டாக்டர் சொன்ன தேதி லெட்டரில் இல்லை. கேட்டால்தான் வரும். பிப்ரவரி 2 என்று சொல்லட்டும். இப்போது சிக்கல் தெளிவாகிறது. 19இலிருந்தே போனால் பிரசவத் தேதிக்குப் பிறகு இரண்டே நாள் மிச்சம். டாக்டர் சொல்லும் தேதியில் அச்சாகப் பிறக்கும் பிள்ளைகள் குறைவு, ஒரு வாரம் முன்னேபின்னே ஆவது சகஜம். மாறாக 22 திங்கள் வரை வேலை பார்த்துவிட்டு 23 வார லீவிலிருந்து போனால், அதே 14 நாள் பிப்ரவரி 9 வரை நீளும். வீட்டில் இருப்பது பதினெட்டு நாள், தேதிக்குப் பின் முழுசாக ஒரு வாரம். மில்லுக்கும் பொங்கல் நெருக்கடியில் நான்கு ஷிப்ட் கிடைக்கும். காகிதத்தில் பார்த்தால் இதுதான் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. மேனேஜர் இதை மனசில் போட்டுக்கொண்டுதான் ஆளைக் கூப்பிடுவார்.

அந்தச் சந்திப்பை நீளமாக எழுதாதீர்கள். மில்லில் பேச்சு குறைவாகத்தான் இருக்கும். சைடர் தலையில் பஞ்சோடு வந்து கதவுக்குப் பக்கத்தில் நிற்பார், உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். இப்படி வரலாம்:

"ஊரு எங்கப்பா?"

"உசிலம்பட்டி பக்கம்ங்க. அவங்க அம்மா வீடு."

"தேதி எப்போ சொல்லியிருக்காங்க?"

"ரெண்டாம் தேதிங்கய்யா."

"நாலு நாள் வந்துட்டு செவ்வாக்கெழம போ. பின்னாடி ஒரு வாரம் சேந்து வரும்."

"போன தடவையும் தேதி சொல்லியிருந்தாங்கய்யா."

அதற்கு மேல் அவர் விளக்கமாட்டார், மேனேஜரும் கேட்கமாட்டார். கணக்கு மேனேஜர் பக்கம்தான் சரி. கணக்கு தெரியாமல் ஒன்றும் இந்த ஆள் மறுக்கவில்லை. மேனேஜர் வற்புறுத்தினால் ஆள் 22 வரை வந்துவிட்டுத்தான் போவார், அதிலும் சந்தேகமில்லை. அந்த நான்கு நாளில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற கேள்வி மேனேஜருடையது. நானாக இருந்தால் 19 என்றே போடுவேன். ஆனால் 23 போடும் மேனேஜரைக் கெட்டவராகக் காட்டாதீர்கள். அவர் அந்த ஆளுக்கு ஒரு வாரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கப் பார்க்கிறார்.

மாஸ்டரையும் வில்லனாக்க வேண்டாம். ஒரு சைடர் வராவிட்டால் மெஷின் நிற்பதில்லை, பக்கத்து சைடர் தன் சைடோடு அதையும் சேர்த்துப் பார்ப்பார். அறுந்த இழையை உடனே கட்ட ஆள் வராததால் அந்தக் கதிருக்கு வரும் பஞ்சு நூலாகாமல் காற்றால் உறிஞ்சும் நியூமாஃபில் பெட்டிக்குள் இழுபட்டுப் போகும். ஷிப்ட் முடிவில் அந்தப் பெட்டிக் கழிவை எடை போடுவார்கள், அது மாஸ்டர் பெயரில் ரிப்போர்ட்டாகப் போகும். எடை கூடினால் அவரைக் கேட்பது இதே மேனேஜர்தான். லீவு கொடுக்கும் மேனேஜர் மாஸ்டருக்குப் போன் போட்டு, "பதிலி லிஸ்ட்ல அடுத்த ஆளக் கூப்பிட்டுக்கங்க, இந்த வாரம் வேஸ்ட் கூடினா நான் கேக்கல" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டால், ஊருக்குப் போய் வந்த பிறகு அந்த சைடருக்கு மோசமான சைடுதான் கிடைக்கும். இந்தப் பழிவாங்கலை எந்த விதியாலும் பிடிக்க முடியாது.

இப்போது பதில். மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். முதலாவது டைம் ஆபீஸில் அச்சடித்து வைத்திருப்பது: "தங்கள் விண்ணப்பம் விதிமுறைப்படி இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை." மேனேஜர் கையெழுத்துக்காக அது ஏற்கெனவே லெட்டரோடு பின் செய்யப்பட்டே வந்திருக்கும். சோம்பலான ஒரு மதியத்தில் இதுதான் போய்ச் சேரும். இரண்டாவது, உங்கள் கதையில் இப்போது இருக்கும் வகை: "உங்கள் கடிதம் என்னைக் கலங்கவைத்தது, நீங்கள் இழந்த இரண்டு குழந்தைகளை நினைத்து..." இது அதைவிட மோசம் என்பேன். அந்தப் பதிலை கிளார்க் டைப் அடிப்பார், ஒரு நகல் ஃபைலுக்கு, ஒரு நகல் டிபார்ட்மென்டுக்கு. மேஸ்திரி படிப்பார், கேன்டீனில் பேச்சாகும். மேனேஜரை நம்பி அவன் ஒரு தாளில் எழுதியது மில் முழுக்கத் தெரிந்துவிடும். இரக்கம் காட்டுகிற மேனேஜர் அந்த விஷயத்தைத் திருப்பி எழுதவே கூடாது. "குடும்பக் காரணம்" என்ற காய்ந்த இரண்டு சொல் அந்த இடத்தில் ஒரு மறைப்பு.

மூன்றாவது, போக வேண்டிய பதில், இப்படி இருக்கலாம்:

"உங்கள் 18.1.96 தேதியிட்ட விண்ணப்பம் கிடைத்தது. நேரில் விசாரித்ததன் பேரில், குடும்பக் காரணத்துக்காக 19.1.96 முதல் 4.2.96 வரை சம்பளத்துடன் கூடிய விடுப்பு 14 நாள் வழங்கப்படுகிறது. இடையில் வரும் 23, 30 வார விடுமுறையும் 26 விடுமுறையும் இந்தக் கணக்கில் சேராது. 5.2.96 திங்கள்கிழமை வேலைக்கு வரவும். வர இயலாவிட்டால் 4ஆம் தேதிக்கு முன் கடிதமோ தந்தியோ அனுப்பிக் கூடுதல் நாள் கேட்கவும். அந்த நாட்களுக்குச் சம்பளம் இராது. விடுப்பு நாட்களுக்குரிய சம்பளத்தை இன்று மாலை நான்கு மணிக்குள் கேஷியரிடம் பெற்றுக்கொள்ளவும்."

படிக்க வறட்சியாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரியும் அந்த லெட்டரில் விட்டுப்போன ஒன்றை நிரப்புகிறது. "பிள்ளை முகம் பாக்குற வரைக்கும்" என்பதற்கு இரண்டு தேதியும் ஒரு நீட்டிப்பு வழியும் கிடைத்துவிட்டன. நீட்டிப்பு தருவதாக வாக்கு இல்லை, கேட்கச் சொல்லித்தான் இருக்கிறது. முன்கூட்டியே வாக்குக் கொடுக்க மேனேஜரால் முடியாது, கொடுத்தால் நாளை எல்லோரும் கேட்பார்கள். ஆனால் கேட்டுத் தந்தி வந்திருக்கிறது என்றால், ஆள் சொல்லாமல் நின்றுவிட்டான் என்று யாரும் எழுத முடியாது. நல்ல லேபர் ஆபீசர் என்றால் ஒரு துண்டுத் தாளில் மில்லின் தந்தி முகவரியையும் அனுப்ப வேண்டிய வாசகத்தையும் டோக்கன் நம்பரோடு எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். தந்தியில் சொல்லுக்குக் காசு. ஆஸ்பத்திரி வாசலில் நின்று யோசித்து எழுத அந்த ஆளால் முடியாது.

கடைசி வரியை உங்கள் கதையின் உச்சமாக வைக்கச் சொல்வேன். அவன் பணமே கேட்கவில்லை. அதே சட்டத்தின் 81ஆம் பிரிவு, நான்கு நாளுக்குக் குறையாத லீவு கொடுத்தால் அந்த லீவு நாட்களின் சம்பளத்தை லீவு தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்கிறது. தொழிலாளிகளில் பலருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கேட்கத் தயங்குவார்கள். பல மில்களில் சம்பள நாளன்று சேர்த்துக் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. பிரசவத்துக்குப் போகிறவன் கையில் பதினான்கு நாள் சம்பளம் முன்பணமாக இருந்தால் வட்டிக்கு ஓட வேண்டாம். மேனேஜர் இதற்காகப் புதிதாக எந்தச் சலுகையும் காட்டவில்லை. இருக்கிற விதியை அன்றைக்கு ஒரு ஆளுக்கு நடைமுறைப்படுத்துகிறார். கேஷியர் முனகுவார், பொங்கல் வாரத்தில் பெட்டியில் ரொக்கம் குறைவு, வவுச்சர் தனியாகப் போட வேண்டும். மேனேஜர் அங்கே போய் நிற்க வேண்டியிருக்கலாம். கண் கலங்குவதற்குப் பதிலாக அவரைக் கேஷ் கவுன்டருக்கு நடக்கவையுங்கள்.

அந்த எட்டு நாள் விதியைப் பற்றி ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வக்கீல் யாராவது பிடித்துக்கொள்வார். எட்டு நாள் தாண்டினால் தானாக வேலை போய்விடும் என்று மில்கள் முன்பு நடத்திவந்தன. மஸ்டர் ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டுக் கேட்டில் நிறுத்துவார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் டி.கே. யாதவ் வழக்கில், நிலையாணையில் அப்படி இருந்தாலும் விசாரணை நடத்தாமல் வேலையை விட்டு நீக்குவது இயற்கை நீதிக்கு விரோதம் என்று சொல்லி, அந்தத் தொழிலாளியை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. ஆக, 1996இல் நடக்கும் உங்கள் கதையில் சட்டப்படி அந்த ஆளை அப்படியே துரத்த முடியாது. ஆனால் தீர்ப்பு வந்துவிட்டது என்பதால் டைம் ஆபீஸ் பழக்கம் மாறிவிடாது. பெயரை அடித்த பிறகு லேபர் கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் அலைந்து ஜெயிப்பது ஒரு சைடருக்கு ஜெயிப்பதே இல்லை. மேனேஜர் பதிலில் தேதிகளை இத்தனை கறாராக எழுதுவதன் காரணம் இதுவே.

கதையை இன்றைய காலத்துக்கு நகர்த்த நினைத்தால் மேலே சொன்ன கணக்கை அப்படியே போடாதீர்கள். தந்தி சேவை 2013 ஜூலையோடு முடிந்துவிட்டது, இப்போது சைடரிடமும் வாட்ஸ்அப் உண்டு, லெட்டரே குரல் பதிவாக வரும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 240 நாள் என்று இருந்தது அதில் 180 நாளாகக் குறைந்திருக்கிறது. இன்றைய மேனேஜருக்கு லீவு கார்டைப் புரட்டும் வேலையும் இல்லை, கம்ப்யூட்டரில் மிச்ச நாள் தானாகத் தெரியும். மாஸ்டரின் குறிப்பு மட்டும் இன்றைக்கும் ஏறக்குறைய அதே வாசகத்தில் வரும். சிவப்பு மை மட்டும் இருக்காது.